போட்ட வெள்ளியிலிருந்து கணக்கு: ஐவிஎஃப் வெற்றி சதவீதத்தை எப்படிப் படிப்பது?

சேலத்தில் ஒரு கருத்தரிப்பு மையத்தின் ஆய்வகத்தில் எம்பிரியாலஜிஸ்ட்டாக வேலை பார்க்கிறேன். காலையில் இன்குபேட்டரைத் திறந்து, நேற்று எத்தனை கரு இருந்தது, இன்று எத்தனை இருக்கிறது என்று எண்ணி எழுதுவதுதான் என் நாளின் முதல் வேலை. அதனால் யாராவது சதவீதம் சொன்னால், எதிலிருந்து எண்ண ஆரம்பித்தார்கள் என்றுதான் முதலில் யோசிப்பேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பதி வந்தார்கள். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவருக்குச் செவ்வாய்ப்பேட்டை பக்கம் கொலுசுப் பட்டறை. மனைவிக்கு 38 வயது, முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் அளவு குறைவு. வேறோர் இடத்தில் மூன்று முறை முட்டை வளர ஊசி போட்டுக்கொண்டு, கையில் ஒரு ஃபைலும் ஒரு விளம்பரத் தாளுமாக வந்திருந்தார்கள். தாளில் பெரிய எழுத்தில் ‘70% வெற்றி’. பக்கத்தில் பொடியாக ஒரு நட்சத்திரக் குறி, தாளின் அடியில் அதற்கான விளக்கம்: ‘கரு மாற்றத்துக்கு, பீட்டா பாசிட்டிவ்’. அதாவது, கருவைக் கருப்பையில் வைத்தவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு ரத்தப் பரிசோதனையில் கர்ப்பம் என்று வந்தது என்பது.

“நூத்துக்கு எழுபதுன்னா, மூணு தடவைக்கு ரெண்டு தடவையாவது நின்னிருக்கணும்ல மேடம்?” என்று அந்த அம்மா கேட்டார். குரலில் கோபம் இல்லை. தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்ற முடிவுக்கு எப்போதோ வந்துவிட்டவர் கேட்பது மாதிரி இருந்தது.

ஃபைலைப் புரட்டினேன். முதல் முறை, ஊசி ஆரம்பித்து ஒன்பதாம் நாள் ஸ்கேனில் முட்டை இருக்கும் நீர்ப்பைகள் இரண்டே இரண்டுதான் வளர்ந்திருந்தன. போதாது என்று நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது முறை ஆறு முட்டை எடுத்தார்கள். நான்கு முதிர்ந்தவை, மூன்று கருவுற்றன, ஐந்தாம் நாள் வரை ஒன்றுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. கருப்பையில் வைக்க எதுவும் இல்லை. மூன்றாவது முறை ஒரே ஒரு பிளாஸ்டோசிஸ்ட், அதாவது ஐந்தாம் நாள் வரை வளர்ந்த கரு, கிடைத்தது. அதை வைத்தார்கள், பீட்டா பாசிட்டிவ் வந்தது. வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்களாம். ஏழாவது வாரத்தில் கலைந்துவிட்டது.

இந்த மூன்று முறையும் அந்தத் தாளின் கணக்கில் எப்படி விழும் என்று பாருங்கள். முதல் முறை கரு மாற்றமே நடக்கவில்லை, அதனால் கணக்கில் இல்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் ஒரு மாற்றம், ஒரு பாசிட்டிவ். ஆக, அவர்கள் பதிவேட்டின்படி இந்த அம்மாவுக்கு நூற்றுக்கு நூறு வெற்றி. மூன்று முறை ஊசி போட்டு, கடன் வாங்கிப் பணம் கட்டி, குழந்தை இல்லாமல் திரும்பியவர், அந்த 70-ஐத் தூக்கிவிட்டவர்களில் ஒருவர். அந்த இடம் பொய் சொன்னது என்றுகூட ஒருவர் சொல்ல முடியாது. நட்சத்திரக் குறி போட்டிருக்கிறார்களே.

ஒரு சதவீதத்தில் இரண்டு எண்கள் இருக்கின்றன. மேலே இருப்பது எதை வெற்றி என்கிறோம் என்பது. கீழே இருப்பது யாரிலிருந்து எண்ணத் தொடங்கினோம் என்பது. விளம்பரங்களில் மேலே இருக்கும் எண் முடிந்தவரை சீக்கிரமும், கீழே இருக்கும் எண் முடிந்தவரை தாமதமாகவும் எடுக்கப்படுகிறது. ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நானே வசதிக்காக வைத்தவை, எந்த மையத்துடையதும் அல்ல.

நூறு பெண்கள் ஊசி ஆரம்பிக்கிறார்கள். பத்துப் பேருக்கு நடுவில் நிறுத்தப்படுகிறது. தொண்ணூறு பேருக்கு முட்டை எடுக்கிறோம். அதில் இருபது பேருக்கு வைப்பதற்கான கரு கிடைக்கவில்லை. எழுபது பேருக்குக் கரு வைக்கிறோம். 42 பேருக்குப் பீட்டா பாசிட்டிவ், 35 பேருக்கு ஸ்கேனில் இதயத்துடிப்பு, 28 பேர் கையில் குழந்தை. இப்போது ஒரே நூறு பேரை வைத்துக்கொண்டு ‘60% வெற்றி’ என்று போடலாம், எழுபதில் 42 பாசிட்டிவ். ‘50%’ என்று போடலாம், எழுபதில் 35 துடிப்பு. ‘40%’ போடலாம், எழுபதில் 28 குழந்தை. ஊசி ஆரம்பித்த நூறு பேரிலிருந்து பார்த்தால் 28%. எதிலும் பொய் இல்லை. ஆனால் முதல் நாள் ஊசிக்கு வந்து உட்காருகிறவர் அந்த நூறில் ஒருவர், எழுபதில் ஒருவர் அல்ல. தான் எழுபதுக்குள் வருவாரா என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கணவர் குறுக்கிட்டார். “எங்க தொழில்ல இப்படிக் கணக்குக் காட்டுனா அடிதான் விழும் மேடம். கட்டி வெள்ளியை எடை போட்டுத்தான் குடுப்பாங்க. உருக்குறதுல போகும், பத்த வைக்கிறதுல போகும், மெருகுல போகும். முடிஞ்ச கொலுசை மட்டும் நிறுத்துட்டு சேதாரமே இல்லைன்னு சொன்னா யார் விடுவாங்க?” எனக்கு இதைவிட நன்றாகச் சொல்ல வராது.

சரி, 28 என்பதும் முழுக் கணக்கு அல்ல. ஒரு முறை முட்டை எடுத்ததில் நான்கு நல்ல கரு வந்தால், ஒன்றை வைத்துவிட்டு மூன்றை உறைய வைப்போம். முதல் கரு நிற்காவிட்டால் மறுபடி ஊசி, மயக்கம் எதுவும் வேண்டாம். உறைந்ததில் ஒன்றை உருக வைத்து வைக்கலாம். நம் நூறு பேரில், குழந்தை பிறக்காதவர்களில் 24 பேரிடம் உறைந்த கரு இருக்கிறது, அடுத்தடுத்து வைத்ததில் இன்னும் எட்டுப் பேருக்குக் குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 28-உடன் எட்டைச் சேர்த்தால் 36%. இதுதான் தொடங்கிய ஒரு சுழற்சிக்கான ஒட்டுமொத்த உயிர்ப்பிறப்பு விகிதம். 2017-ல் வெளியான சர்வதேசக் கருத்தரிப்புச் சொற்களஞ்சியமும் ஏறக்குறைய இப்படித்தான் வரையறுக்கிறது: ஒரு முறை தொடங்கியதிலிருந்து கிடைத்த எல்லாக் கருக்களையும், ஒரு குழந்தை பிறக்கும் வரை அல்லது கரு தீரும் வரை, சேர்த்து எண்ண வேண்டும்.

வயது கூடும்போதுதான் மாற்றத்துக்கான கணக்குக்கும் தொடங்கியவர்களுக்கான கணக்குக்கும் இடையில் பெரிய பள்ளம் விழுகிறது. நாற்பதை ஒட்டிய நூறு பேரில் அறுபது பேருக்குக் கரு மாற்றம் வரை போகவே முடியவில்லை என்று வையுங்கள். மீதி நாற்பதில் 12 பேருக்குக் குழந்தை. மாற்றத்துக்கு 30%. தொடங்கியவர்களில் 12%. உறைய வைக்க மிச்சம் இருப்பதும் அபூர்வம் என்பதால் ஒட்டுமொத்தமாகப் பார்த்தாலும் 13, 14-க்கு மேல் ஏறாது. எல்லா வயதையும் ஒன்றாகக் கலந்து ஒரே எண்ணைச் சொல்லும் தாளை நான் படிப்பதே இல்லை. அதிலும் இளம்பெண்களின் முட்டையைத் தானமாகப் பெற்றவர்களைச் சேர்த்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

என் ஆய்வகத்துப் பக்கத்துக் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். மாற்றத்துக்கான சதவீதத்தை, ஒரு குழந்தைகூட அதிகம் பிறக்காமலே, என்னால் உயர்த்திக் காட்ட முடியும். மூன்றாம் நாள் கருவை வைப்பதற்குப் பதிலாக எல்லாருக்கும் ஐந்தாம் நாள் வரை காத்திருந்தால் போதும். வளர்ச்சி நின்றுபோகிற கருக்கள் டிஷ்ஷிலேயே நின்றுபோகும். அந்தப் பெண்களுக்கு மாற்றமே நடக்காது, அதனால் அவர்கள் கீழ் எண்ணிலிருந்து விலகிவிடுவார்கள். காத்திருப்பதற்கு நல்ல காரணங்கள் உண்டு, நாங்களும் பலருக்கு அப்படித்தான் செய்கிறோம். ஆனால் இன்குபேட்டர் நல்ல கருவைப் பொறுக்கித் தருமே தவிர, இல்லாததைச் செய்து தராது.

கருவிலிருந்து சில செல்களை எடுத்துக் குரோமோசோம் எண்ணிக்கை பார்க்கும் பரிசோதனையும் இதே ரகம். சரியில்லாதவை முன்பே கழிந்துவிடுவதால் மாற்றத்துக்கான சதவீதம் அழகாகத் தெரியும். 2021-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் சீனாவிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. 20 முதல் 37 வயது வரையுள்ள 1,212 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒட்டுமொத்தக் கணக்கு எடுத்தார்கள். பரிசோதனை செய்த குழுவில் 77.2% பேருக்குக் குழந்தை, செய்யாத குழுவில் 81.8%. அந்த வயதுக்காரர்களுக்குப் பரிசோதனையால் ஒட்டுமொத்தத்தில் கூடுதல் பலன் இல்லை.

இந்த இடத்தில் வாசகர் ஒருவராவது, “எண்பதா! அப்போ நீங்கள் 36 என்கிறீர்களே” என்று கேட்க வேண்டும். கேட்டால் நான் இவ்வளவு எழுதியது வீண் போகவில்லை. அந்த ஆய்வில் சேர, குறைந்தது மூன்று நல்ல பிளாஸ்டோசிஸ்ட் ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும். நம் பட்டறை அம்மாவுக்கு மூன்று முறை முயன்றும் ஒன்றுதான் வந்தது. அவர் அந்த வாசலையே தாண்டியிருக்க மாட்டார். நேர்மையான ஆய்விலும் கீழ் எண் எங்கே தொடங்குகிறது என்று பார்த்தே ஆக வேண்டும்.

ஒட்டுமொத்தக் கணக்குக்கும் சிக்கல் உண்டு. உறைந்த கருவை வைத்து, பிரசவம் வரை காத்திருக்க வேண்டும். அதனால் இந்த ஆண்டு தொடங்கியவர்களின் முடிவு இந்த ஆண்டு தெரியாது. ‘போன மாதம் வரை’ என்று யாராவது சொன்னால் அது உயிர்ப்பிறப்புக் கணக்கு அல்ல. பாதியில் ஊர் மாறிப் போனவர்களை விட்டுவிட்டு எண்ணினாலும் எண் உயரும். சின்ன மையத்தில் இன்னொன்று: 40 பேர் தொடங்கி எட்டுப் பேருக்குப் பிறந்தால் 20% என்று எழுதலாம். ஆனால் 40 பேரை வைத்துப் பார்க்கும்போது உண்மை நிலை ஏறக்குறைய 10-க்கும் 35-க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால் 20% மையத்தைவிட 25% மையம் மேல் என்று ஓடுவதில் அர்த்தமில்லை.

அமெரிக்காவில் 1992-ல் வந்த சட்டத்தால் மையம் வாரியாக முடிவுகள் வெளியாகின்றன. நம் நாட்டின் 2021 இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டத்தில், அந்த மையத்தில் வெற்றிக்கான வாய்ப்பு என்ன என்பதைத் தம்பதிக்கு விளக்கிச் சொல்ல வேண்டியது மையத்தின் கடமை என்று இருக்கிறது. ஆகவே கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

அந்த அம்மாவிடம் விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் ஒரே கேள்வியை எழுதிக் கொடுத்தேன். ‘என் வயதில், சொந்த முட்டையில், இரண்டு வருடத்துக்கு முன் உங்களிடம் ஊசி ஆரம்பித்தவர்கள் எத்தனை பேர்? உறைந்த கருவையும் சேர்த்து அவர்களில் எத்தனை பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போனார்கள்?’ எங்களிடமும் இதையே கேளுங்கள், வேறு இடத்திலும் கேளுங்கள் என்றேன். எங்கள் பதிவேட்டைத் திறந்து அவர் வயதுக்கான இரண்டு எண்களையும் காட்டினேன். சின்ன எண்கள்தான். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ என்கிட்ட மட்டும் தப்பில்ல” என்றார், என்னிடம் இல்லை, கணவரிடம்.

இரண்டு வாரம் கழித்து அவர்கள் திரும்பி வந்தார்கள். வேறு இரண்டு இடங்களில் கேட்டிருக்கிறார்கள். ஒரு இடத்தில் பதில் சொல்லவில்லை. இன்னொரு இடத்தில் லெட்டர்பேடிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள்: கரு மாற்றம் இத்தனை, பாசிட்டிவ் இத்தனை, பிரசவம் இத்தனை. கணவர் அந்தத் தாளை என் மேசையில் வைத்து, முதல் வரிக்கு மேலே இருந்த வெற்றிடத்தில் விரலை வைத்தார்.

“போட்ட வெள்ளி எவ்வளவுன்னு எழுதலைங்க மேடம்.”