குனிந்தால் முதுகில் மின்சாரம், கையில் நிற்காத சாவி

வாசகர் ஒருவரின் கடிதம் இது. வயது 56. ஒரு வருடமாக இரண்டு கை விரல்களும் மரத்துக் கிடக்கின்றன. சாவி, பேனா, கைபேசி எல்லாம் அடிக்கடி நழுவி விழுகின்றன. சட்டைப் பொத்தான் போடக் கண்ணாடி முன்னால் நிற்க வேண்டியிருக்கிறது. மணிக்கட்டில் நரம்பு நெருக்குவதாகச் சொல்லி எட்டு மாதம் பட்டை அணியச் சொன்னார்கள், பலனில்லை. இப்போது புதிதாக ஒன்று: ஷூ கயிறு கட்டத் தலையைக் குனிந்தால், பிடரியிலிருந்து முதுகு வழியாகத் தொடை வரை ‘சுரீர்’ என்று மின்சாரம் பாய்கிறது. நிமிர்ந்தால் நின்றுவிடுகிறது. கழுத்தில் வலி என்று ஒன்றுமே இல்லை. “கை கோளாறுக்கும் இந்த மின்சாரத்துக்கும் சம்பந்தம் உண்டா?” என்று கேட்கிறார்.

உண்டு, இரண்டும் ஒரே இடத்திலிருந்து வரக்கூடும். நான் மருத்துவன் அல்ல, கடிதத்தைப் படித்து நோய் சொல்லவும் மாட்டேன். ஆனால் இந்த விவரங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால், கழுத்தில் தண்டுவடம் நெருக்கப்படுகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். கழுத்து வலிக்காததை வைத்து அதை ஒதுக்கிவிட முடியாது. இந்த நோய் பலருக்கு வலியில்லாமலேதான் வளர்கிறது.

உடற்கூறியலை வேகமாகக் கடந்துவிடலாம். கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள். அவற்றின் நடுவே செல்லும் குழாயின் முன்பின் அகலம் பெரும்பாலானவர்களுக்கு 17 மில்லிமீட்டர் சுமார், அதற்குள் தண்டுவடம் 8 மில்லிமீட்டர் அளவுக்கு இடம் எடுத்துக்கொள்கிறது. வயதாக ஆக, முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் வட்டுகள் காய்ந்து பிதுங்கும், எலும்பின் ஓரங்கள் துருத்தும், பின்சுவரில் உள்ள மஞ்சள் நிற இணைப்பு நார் தடிக்கும். பிறவியிலேயே 13 மில்லிமீட்டருக்குக் குறைவான குழாய் உள்ளவருக்கு மிச்ச இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். தலையை அண்ணாந்தால் அந்த நார் உள்நோக்கி மடிந்து பின்னாலிருந்து அழுத்தும். குனிந்தால் குழாயின் பின்சுவர் நீண்டு, தண்டுவடம் இழுபட்டு முன்பக்க எலும்புத் துருத்தல்களின் மேல் விறைப்பாகப் படியும். ஆக, நெருக்கடி ஒரே நிலையில் நிற்பதில்லை. ஒவ்வொரு அசைவிலும் அது கூடிக் குறைகிறது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன்: அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

தண்டுவடத்தின் பின்பகுதியில் இரண்டு தூண்கள் போல நரம்பிழைகள் மேலே ஏறுகின்றன. தொடுதல், அதிர்வு, மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்ற தகவல் எல்லாம் இவற்றில்தான் மூளைக்குப் போகும். காலிலிருந்து வரும் இழைகள் நடுவிலும் கையிலிருந்து வருபவை ஓரத்திலுமாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு இழையையும் மயலின் எனும் கொழுப்புறை மூடியிருக்கிறது. இந்த உறையில் சீரான இடைவெளியில் சிறு திறப்புகள் உண்டு. மின்துடிப்பைக் கிளப்பும் சோடியம் வாயில்கள் பெருமளவில் அந்தத் திறப்புகளில்தான் குவிந்திருக்கும், அதனால்தான் நரம்புச் செய்தி திறப்புக்குத் திறப்பு தாவி விரைகிறது. மணிக்கட்டில் ஒரு மின்தூண்டல் கொடுத்தால் அது மூளையின் மேற்புறத்தை எட்ட 20 மில்லிவினாடி போதும்.

நெருக்கப்பட்ட இடத்தில் இந்த உறை சிதைகிறது. நேரடி அழுத்தம் ஒரு காரணம், சிறு ரத்தக்குழாய்கள் நசுங்குவது இன்னொன்று. மயலினைச் செய்யும் செல்கள் இரண்டையும் தாங்காமல் மடிகின்றன. உறை போன இழையில் இரண்டு விஷயங்கள் மாறும். செய்தி மெதுவாகப் போகும், சில நேரம் அங்கேயே நின்றுவிடும். இதுவரை ஊகிக்கக்கூடியதுதான். இரண்டாவதுதான் அழகு. உறையில்லாமல் வெறுமையாக நிற்கும் இழையின் சவ்வு, இழுப்பையும் அழுத்தத்தையும் தானே உணரத் தொடங்கிவிடுகிறது. செய்தியைக் கடத்துவதற்காக மட்டுமே இருந்த ஒரு பகுதி, உணர்வுறுப்பாக மாறிவிடுகிறது!

1980-இல் ஸ்மித், மெக்டொனால்டு என்ற இரு ஆய்வாளர்கள் பூனைகளின் தண்டுவடப் பின்தூண்களில் ஓரிடத்தில் மயலினை அழித்து, அந்த இழைகளின் மின்துடிப்புகளைப் பதிவு செய்தார்கள். சேதமடைந்த இடத்தை லேசாக அசைத்தாலே இழைகள் படபடவென்று துடித்தன. சில இழைகள் யாரும் தொடாமலே துடித்துக்கொண்டிருந்தன. தலையைக் குனியும்போது நம் வாசகரின் கழுத்துக்குள் நடப்பது இதற்கு மிக நெருங்கியது என்று கருதப்படுகிறது: தண்டுவடம் இழுபடுகிறது, உறையிழந்த இழைகள் பல ஒரே கணத்தில் துடிக்கின்றன.

சரி, கழுத்தில் கிளம்பிய துடிப்பு தொடையில் ஏன் தெரிகிறது? மூளைக்குத் துடிப்பு எந்த இடத்தில் பிறந்தது என்று தெரியாது, எந்த இழை வழியாக வந்தது என்பது மட்டுமே தெரியும். தொடையின் இழை துடித்தால் தொடைதான். இயல்பான தொடுதலில் தோலின் வெவ்வேறு உணர்விகள் வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு வேகத்தில் சேதி அனுப்பும். இங்கே நூற்றுக்கணக்கான இழைகள் ஒழுங்கில்லாமல் ஒன்றாக வெடிக்கின்றன. நிஜத் தொடுதல் எதிலும் அப்படி ஒரு கலவை வராது. மூளைக்குப் பழக்கமானவற்றில் அதற்கு மிக நெருங்கியது மின்சாரம் தாக்கிய அனுபவம்தான்.

முதல் உலகப்போர்க் காலத்திலேயே காயம்பட்ட வீரர்களிடம் இதைக் கண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1917-இல் மரியும் ஷாத்தலேனும் குறித்தார்கள், அடுத்த ஆண்டு பாபின்ஸ்கி. ஆனால் பெயர் நிலைத்தது அவர்களுக்குப் பிறகு விரிவாக ஆராய்ந்த லெர்மித்துக்கு. லெர்மித் குறி என்றால் எந்த நரம்பியல் மருத்துவருக்கும் புரியும். உடலின் எதிர்ப்பாற்றலே மயலினைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பி12 குறைபாடு, கழுத்துக்குக் கொடுத்த கதிர்வீச்சு, சிஸ்பிளாட்டின் போன்ற சில புற்றுநோய் மருந்துகள் ஆகியவற்றாலும் இது வரும். எதனால் அங்கே மயலின் கெட்டாலும் கதை ஒன்றுதான். அதனால் பி12 ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். அளவைப் பார்க்காமலேயே ‘நரம்புக்குச் சத்து’ என்று மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவது வேறு விஷயம். அது எலும்புத் துருத்தலை ஒரு மில்லிமீட்டர்கூட நகர்த்தாது. இன்னொன்று, தண்டுவடம் நெருக்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் இந்த மின்சாரம் வருவதில்லை. வரவில்லை என்பதால் நிம்மதியடைய முடியாது.

அப்புறம், நழுவும் சாவி. ஒரு பொருளைப் பிடிக்கும்போது அது நழுவாமல் இருக்கத் தேவையான விசையைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக அழுத்துகிறோம். ஸ்வீடனில் யோஹான்சன், வெஸ்ட்லிங் இருவரும் 1980-களில் இதை அளந்தார்கள். பொருள் நழுவத் தொடங்கியதும் விரல்நுனித் தோல் அந்த நுண்ணிய சறுக்கலை உணர்ந்து சொல்லும், ஏறக்குறைய 70 மில்லிவினாடியில் பிடி இறுகிவிடும். ‘நழுவுகிறதே’ என்று நாம் உணர்வதற்கு முன்பே வேலை முடிந்திருக்கும். கழுத்தில் அந்தத் தகவல் தாமதமாகவோ சிதறியோ போனால், கை இறுகும் முன் சாவி தரையில். அதனால்தான் பார்த்துக்கொண்டே பிடித்தால் ஓரளவு நிற்கிறது, வேறெங்கோ பார்த்தால் விழுகிறது. வாசகர் பொத்தான் போடக் கண்ணாடி தேடுவதும் இதனால்தான், தோல் தராத தகவலைக் கண்ணிடம் வாங்குகிறார்.

இது பாதிக் கதை. மூளையிலிருந்து கீழே இறங்கும் கட்டளை இழைகளும் அதே நெருக்கடியில் மாட்டிக்கொள்கின்றன. விரலைத் தனித்தனியாக, விரைவாக இயக்குவது அவற்றின் வேலை. அவை கெட்டால் விரலை மூடுவதைவிடத் திறப்பது கடினமாகும். ஜப்பானின் ஓனோ குழுவினர் 1987-இல் இதை ஒரு எளிய சோதனையாக விவரித்தார்கள்: உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, பத்து வினாடியில் எத்தனை முறை முழுதாக மூடித் திறக்க முடிகிறது என்று எண்ணுவது. 20-க்கு மேல் வர வேண்டும். நம் வாசகர் செய்து பார்த்ததில் வலதில் 13, இடதில் 11. திறக்கும்போது மணிக்கட்டு மடங்கிக்கொள்கிறதாம். விரல்களைச் சேர்த்து நீட்டச் சொன்னால் சுண்டுவிரல் தானாக விலகிப் போகிறதாம். இரண்டும் ஓனோ எழுதியவைதான்.

மணிக்கட்டு நெருக்கத்திலிருந்து இதை எப்படிப் பிரிப்பது? மணிக்கட்டில் நெருங்கும் நரம்பு கட்டைவிரல் முதல் மோதிர விரலின் பாதி வரைதான் உணர்வு தருகிறது, சுண்டுவிரல் தப்பிவிடும். பெரும்பாலும் இரவில் எழுப்பி, கையை உதற வைக்கும். வாசகருக்கு எல்லா விரலும் மரத்திருக்கிறது. அதோடு, கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: இருட்டில் நடக்கையில் தடுமாறுகிறது. மணிக்கட்டு எவ்வளவு கெட்டாலும் கால் தடுமாறாது. எனக்கு அந்த ஒரு வரிதான் கடிதத்தின் மிக முக்கியமான வரி. மருத்துவர் நடுவிரல் நகத்தைச் சுண்டிவிட்டுக் கட்டைவிரல் தானாக மடங்குகிறதா என்று பார்ப்பார், குதிகாலும் விரலும் தொட நேர்கோட்டில் நடக்கச் சொல்வார். பிறகு எம்.ஆர்.ஐ. சாதாரண எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், தண்டுவடம் தெரியாது. எதிர்த்திசையிலும் கவனம் வேண்டும். வயதானவர்கள் பலருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலே எம்.ஆர்.ஐ.யில் நெருக்கம் தெரியும். படத்தை மட்டும் வைத்து யாரையும் அறுவை மேசையில் ஏற்றக்கூடாது.

இந்த நோய் கண்டுபிடிக்கப்படச் சராசரியாக இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ரிலுசோல் எனும் மருந்தை அறுவையோடு சேர்த்துக் கொடுத்தால் தண்டுவடம் கூடுதலாகத் தேறுமா என்று பெரிய அளவில் சோதித்து, 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். கூடுதல் பலன் கிடைக்கவில்லை. இத்தகைய சோதனைகள் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மணிக்கட்டுப் பட்டை எழுதிக் கொடுக்கும் முன் பத்து வினாடி கையை மூடித் திறக்கச் சொல்லவும் நடக்க வைத்துப் பார்க்கவும் முதல்நிலை மருத்துவர்களைப் பழக்குவதற்கு, அந்தப் பணத்தில் ஒரு துளியாவது ஒதுக்கக் கூடாதா?

வாசகர் கேட்காத ஒன்று: கழுத்தைத் திருகிச் சொடுக்கெடுக்க யாரிடமும் தலையைக் கொடுக்காதீர்கள். இடமே இல்லாத குழாயில் திடீர்த் திருப்பம் ஆபத்து. சிறுநீர் கட்டுப்பாடு மாறினாலோ, நடை சில நாட்களிலேயே மோசமானாலோ, முன்பதிவுத் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே போங்கள்.

விரல் பழையபடி வருமா என்பது அவரது கடைசிக் கேள்வி. நோய் நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தால் அறுவை என்பதே 2017-இல் வந்த சர்வதேசப் பரிந்துரை. லேசாக இருந்தால் அறுவையோ கண்காணிப்போடு கூடிய பயிற்சியோ, பேசி முடிவெடுக்கலாம். முன்பக்கமாக வட்டை எடுத்து எலும்பை இணைப்பார்கள், அல்லது பின்பக்க வளைவைத் திறந்து குழாயை அகலப்படுத்துவார்கள். மேலும் கெடாமல் நிறுத்துவதுதான் முதல் நோக்கம். ஆனாலும் பலருக்குக் கையும் நடையும் ஓரளவு தேறுகின்றன, அதில் பெரும்பங்கு முதல் ஆறு மாதத்தில் கிடைத்துவிடும். உறை மட்டும் போன இழைக்கு மீள வாய்ப்புண்டு. இழையே அறுந்திருந்தால் தண்டுவடத்துக்குள் அது திரும்ப வளராது. இவருக்கு எந்த இழைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை எம்.ஆர்.ஐ. முழுதாகச் சொல்லாது. ஆனால் அறிகுறி தொடங்கி எவ்வளவு காலம் ஆகிறது என்பது நிறையச் சொல்லும். இவருக்கு ஒரு வருடம் ஆகிவிட்டது, ஆகவே இந்த வாரமே நரம்பியல் மருத்துவரையோ முதுகெலும்பு அறுவை நிபுணரையோ பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்.