மொறுமொறுப்புக்கு ஒரு பெயர்

'மொறுமொறு' என்று சொல்லிப் பாருங்கள், பிறகு 'கொழகொழ'. தமிழே தெரியாதவரிடம் இவற்றில் எது பல்லில் உடைவது, எது வாயில் வழுக்குவது என்று கேட்டால் ஓரளவு சரியாகவே ஊகிப்பார் என்று நினைக்கிறேன். இதற்கு நெருக்கமான சோதனை ஒன்று உண்டு: முனை முனையாக ஒரு உருவம், வளைவாக ஒன்று, இவற்றில் எது 'கிகி', எது 'பூபா'? 2022இல் வெளிவந்த ஆய்வில் 25 மொழிக்காரர்களிடம் கேட்டபோது சுமார் 72 சதவீதம் பேர் முனையுள்ளதைத்தான் கிகி என்றார்கள். க, ட சொல்லும்போது வாய்க்குள் காற்று அடைபட்டுச் சட்டென்று வெடிக்கிறது, ம, ல-வில் தடையில்லாமல் ஓடுகிறது. அந்த வெடிப்பைத்தான் கூர்மையோடு சேர்த்துவிடுகிறோம் போல. ஆனால் 72 என்பது 100 இல்லை, சில மொழிகளில் இந்தச் சாய்வு சரியாகத் தெரியவும் இல்லை.

சரி, பல நாடுகளில் விற்க மொறுமொறுவென்று ஒரு புது நொறுக்குத்தீனி, அதற்குப் பெயர் 'டிகாட்டா' என்று வைத்துக்கொள்வோம். ட, க, ட, மூன்றும் வெடிப்பவை. வெவ்வேறு மெய்கள் எங்கும் ஒட்டிவரவில்லை, அதனால் அப்படி வந்தால் நடுவில் உயிரைச் செருகிக்கொள்ளும் ஜப்பானியரும் பெரிதாக உடைக்க வேண்டியதில்லை. 'ப' இல்லை, அரபி பேசுபவர் வாயில் அது மென்மையான 'ப' ஆகிவிடும் என்ற கவலையும் இல்லை.

தமிழுக்கு வந்தால்தான் சிக்கல். நடுவில் வரும் ஒற்றைக் 'க'வை நாம் மென்மையாகத்தானே படிப்போம், அதனால் பெயரின் நறுக்குத்தன்மை பாதி போச்சு. 'டிக்காட்டா' என்று இரட்டித்தால் யாரோ நடத்துனரிடம் "டிக்கெட்டா?" என்று கேட்பதுபோல இருக்கிறது. இதெல்லாம் அகராதியைப் புரட்டினால் அகப்படாது, அந்த மொழியைத் தினமும் பேசுகிறவர் காதால் கேட்டுச் சொல்ல வேண்டும், முக்கியமாகக் கொச்சைப் பேச்சு தெரிந்த இளைஞர் ஒருவராவது. ஸ்பானிஷில் 'பிட்டோ' என்றால் விசில், சில நாடுகளில் அதே சொல் ஆணுறுப்புக்கும்! அதிர்ஷ்டம் எதிர்ப்பக்கமும் வேலை செய்யும்: கிட்கேட் என்ற பெயர் ஜப்பானியர் காதில் 'கிட்டோ கட்ஸு', அதாவது 'நிச்சயம் ஜெயிப்பாய்', போலக் கேட்டதால் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு அதை வாங்கித் தருகிறார்கள்.

சரி, 'திகட்டா' என்றே வைத்துவிட்டால்? "திகட்டா, திகட்டவே திகட்டாது" என்று விளம்பர வாசகமும் கையோடு கிடைத்துவிடும், எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் அந்தச் சிலேடை தமிழைத் தாண்டினால் செத்துப்போகும். பெயர் எல்லா ஊருக்கும் ஒன்றாக இருக்கலாம், வாசகத்தை மொழிபெயர்க்காமல் அந்தந்த மொழியில் புதிதாக எழுதுவதுதான் நல்லது.

நினைவில் நிற்குமா என்று பார்க்க, பெயரைத் தொலைபேசியில் ஒரே ஒருமுறை சொல்லி எழுதச் சொல்லுங்கள். பத்துப் பேர் ஆறு விதமாக எழுதினால் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று அர்த்தம். மறுநாள் எந்தக் குறிப்பும் கொடுக்காமல், "நேற்று ஒரு பெயர் சொன்னேனே, என்ன அது?" என்று கேளுங்கள். நாலு பெயரைக் காட்டி இதில் எது என்று கேட்டால் எல்லாருமே சரியாகச் சொல்லிவிடுவார்கள், அதை நம்பி ஏமாற வேண்டாம்.