நூறு நாள் வேலைக் கூலி 6 வருடத்தில் ஏறியது 40 சதவீதமா, 47 சதவீதமா?

2025 மே 1 கிராம சபைக்காக நூறு நாள் வேலைக் கூலி பற்றி ஒரு மனு எழுதினோம். திருப்புல்லாணி பக்கம் கண்மாய் வேலைக்குப் போகிற எங்கள் தெருப் பெண்கள் கேட்டதற்காக எழுதியது. அதில் நான் போட்ட முக்கியமான வரி, "6 வருடத்தில் கூலி 40 சதவீதம் கூட ஏறவில்லை" என்பது. ஒவ்வொரு வருடமும் எத்தனை சதவீதம் ஏறியது என்று தேடி எடுத்து, எல்லாவற்றையும் கூட்டி எழுதியிருந்தேன்.

எழுதியதை வாசித்துக் காட்டியபோது பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "தம்பி, 229 ரூபாயோட 40 சதவீதம் சேர்த்தா 320 தான வருது? வேலை நடக்கிற இடத்துல பலகையில 336ன்னு எழுதியிருக்கே, மீதி 16 ரூபாய் எங்கேயிருந்து வந்துச்சு?"

சரியான கேள்வி. நான் கூட்டிய விதமே தப்பு.

முதலில் கூலி எப்படி நிர்ணயமாகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கிராம சபையோ ஒன்றிய அலுவலகமோ இதை முடிவு செய்வதில்லை. இந்த வருடங்களில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம்தான் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு நாள் கூலியை வருடா வருடம் அறிவித்தது, ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. விவசாயத் தொழிலாளர்களுக்கான விலைவாசிக் குறியீட்டை வைத்து உயர்வு கணக்கிடப்பட்டது. தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி 2019-20-ல் 229 ரூபாய், அப்புறம் வரிசையாக 256, 273, 281, 294, 319, பிறகு 2025-26-ல் 336. இது முழு அளவு வேலை முடித்தால் கிடைக்கிற கூலி. மண் வெட்டிய அளவு குறைந்தால் கைக்கு வருவதும் குறையும், அது தனி விவகாரம். இங்கே அறிவித்த கூலியை மட்டும் பார்ப்போம்.

இந்த வரிசையில் வருடாந்தர உயர்வு சதவீதமாக 11.79, 6.64, 2.93, 4.63, 8.50, 5.33 என்று வரும். கூட்டினால் 39.82. ஆனால் 229 எங்கே, 336 எங்கே என்று நேரடியாகப் பார்த்தால் வித்தியாசம் 107 ரூபாய், 107-ஐ 229-ஆல் வகுத்தால் 46.72 சதவீதம். எதற்காக இந்த 7 சதவீதப் புள்ளி வித்தியாசம்?

சதவீதம் என்பது தனியாக நிற்கிற எண் இல்லை, "எதில் இத்தனை" என்ற கேள்வி அதோடு ஒட்டியே வரும். முதல் வருட 11.79 என்பது 229-இல் எடுத்தது. இரண்டாம் வருட 6.64 என்பது 229-இல் எடுத்ததல்ல, ஏற்கெனவே ஏறி நிற்கிற 256-இல் எடுத்தது. 256-இல் 6.64 சதவீதம் 17 ரூபாய். அதே 6.64-ஐ 229-இல் எடுத்திருந்தால் 15 ரூபாய் 20 காசுதான் வந்திருக்கும். மீதி 1 ரூபாய் 80 காசு, முந்தின வருடம் ஏறிய 27 ரூபாயின் மேல் வந்த உயர்வு. சதவீதங்களை அப்படியே கூட்டும்போது இந்தக் காசை எண்ணாமல் விட்டுவிடுகிறோம். இரண்டு வருடத்துக்கு விடுபடுவது சிறிது, முக்கால் சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், அதனால் யாருக்கும் தெரியாது. 6 வருடத்துக்கு எடுத்தால் ஒவ்வொரு உயர்வும் அதற்கு முந்தின எல்லா உயர்வின் மேலும் உட்காருவதால் 7 புள்ளியாக வளர்ந்துவிட்டது, ரூபாயில் சொன்னால் அக்கா கேட்ட அந்த 16.

எனக்கு இது மனதில் பதிந்தது வேறொரு இடத்தில். 2021-22-ல் ஏறியதும் 17 ரூபாய்தான், 2025-26-ல் ஏறியதும் 17 ரூபாய்தான். ஆனால் முதலாவது 6.64 சதவீதம், இரண்டாவது 5.33 சதவீதம். ஒரே 17 ரூபாய்க்கு இரண்டு சதவீதம் வருகிறது என்றால், அந்த இரண்டு சதவீதத்தையும் ஒரே குவியலில் போட்டு எப்படிக் கூட்ட முடியும்? ரூபாயை மட்டும் கூட்டலாம்: 27, 17, 8, 13, 25, 17, மொத்தம் 107, சரியாக வருகிறது.

ரூபாய் தெரியாமல் சதவீதம் மட்டும் கையில் இருந்தால் கூட்டாதீர்கள், பெருக்குங்கள். 11.79 சதவீத உயர்வு என்றால் 1.1179 மடங்கு. இப்படி ஆறையும் மடங்காக்கி போன் கால்குலேட்டரில் ஒன்றோடொன்று பெருக்க வேண்டும்.

```
1.1179 × 1.0664 × 1.0293 × 1.0463 × 1.0850 × 1.0533
```

விடை 1.467-ஐ ஒட்டி வரும், அதாவது 46.7 சதவீத உயர்வு. செய்திகளில் 11.8, 6.6 என்று சுருக்கிப் போட்டிருப்பதை எடுத்துப் பெருக்கினால் 46.6 பக்கம் நிற்கும், சுருக்கியதால் வருகிற சின்ன வித்தியாசம்தான் அது. முதல் வருடக் கூலியும் கடைசி வருடக் கூலியும் தெரிந்தால் அவற்றையே நேராக வகுப்பது நல்லது, நடுவில் உள்ளதைத் தொடவே வேண்டாம்.

இந்த 6 வருடத்தில் கூலிக்கு ஒவ்வொரு வருடமும் ஏற்றம்தான். ஏறி இறங்குகிற விஷயத்தில் கூட்டல் இன்னும் மோசமாக ஏமாற்றும். நம் கரையில் நண்டு விலையை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு பேச்சுக்கு கிலோ 400 ரூபாய் என்று வைப்போம். 25 சதவீதம் இறங்கினால் 300. அப்புறம் 25 சதவீதம் ஏறினால் 400-க்குத் திரும்பாது, 375-தான் வரும், ஏனென்றால் ஏறும்போது கணக்குப் போட்டது 300-இல். கூட்டிப் பார்ப்பவருக்கு 25 போய் 25 வந்தது, நஷ்டமே இல்லை என்று தோன்றும். விற்றவர் கையில் 25 ரூபாய் குறைந்திருக்கும்.

மனுவில் இந்தத் தப்பு எங்கே அடிக்கும் என்றால், கூலியை விலைவாசியோடு ஒப்பிடும் இடத்தில். அரிசி கிலோ 40-லிருந்து 58 ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள், நேராகப் பார்த்தால் 45 சதவீத ஏற்றம். கூலியைக் கூட்டி 39.8 என்று வைத்தால் "அரிசி முந்திவிட்டது, கூலி பின்தங்கிவிட்டது" என்று எழுதத் தோன்றும். ஆனால் அன்றைய 229 ரூபாய்க்கு 5.7 கிலோ கிடைத்தது, 336 ரூபாய்க்கு 5.8 கிலோ கிடைக்கும். கொஞ்சம்போல் முன்னேதான் இருக்கிறது, நாம் எழுதியது தலைகீழ். ஒரு பக்கம் கூட்டிய சதவீதம், மறுபக்கம் முதல்-கடைசி சதவீதம் என்று வைத்து ஒப்பிட்டால் இப்படித்தான் ஆகும். அதிகாரி ஒருவர் உட்கார்ந்து வகுத்துப் பார்த்தால் போதும், மனுவில் உண்மையாக உள்ள மற்ற குறைகளையும் சேர்த்து ஓரம் கட்டிவிடுவார் என்ற பயம் எனக்கு வந்தது.

அதனால் அந்த வரியை அடித்துவிட்டு, "2019-20-ல் 229, 2025-26-ல் 336, 107 ரூபாய் உயர்வு" என்று மட்டும் எழுதினோம். கீழே அக்கா அந்த இரண்டு வருடமும் வீட்டுக்கு வாங்கிய எண்ணெய், பருப்பு விலையைத் தன் நோட்டிலிருந்து பார்த்து ரூபாயிலேயே சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன்.