காய்ச்சல் மருந்து போய்விடும், தூக்க மருந்து தங்கிவிடும்

சளிக்காய்ச்சலுக்கு கிளினிக்கில் கொடுத்துவிடும் பொட்டலங்களில் சின்னதாக ஒரு மஞ்சள் மாத்திரை இருக்கும். பெயர் தெரியாதவர்களுக்கும் அந்த நிறம் தெரியும். அதுதான் குளோர்பெனிரமின், 4 மில்லிகிராம். மூக்கு ஒழுகுவதையும் தும்மலையும் அடக்கும், கூடவே தூக்கத்தையும் கொண்டுவரும். தூக்கம் வரலாம் என்ற எச்சரிக்கைச் சீட்டும் பையில் ஒட்டியிருக்கும். அந்தத் தூக்கம் எத்தனை மணி நேரத்துக்கு என்பதை மட்டும் சீட்டு சொல்லாது.

பினாங்கில் மருந்தகத்தில் வேலை செய்பவர்களுக்கு இந்தக் கேள்வி பழகிப்போன ஒன்று: “நேத்து ராத்திரி பத்து மணிக்குப் போட்டேன் மிஸ், காலையில ஆறு மணிக்கு மோட்டார் எடுக்கலாந்தானே?” பிறையில் வீடு, பாயான் லெப்பாசில் தொழிற்சாலை, ஏழு மணி ஷிப்ட், நடுவில் பாலம். ஒரு நாளைக்கு மூன்று வேளை என்றால் ஒரு வேளை மருந்துக்கு எட்டு மணி நேர ஆயுள், அதன்பின் உடம்பு காலி என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். பாராசிட்டமாலுக்கு இந்தக் கணக்கு ஏறத்தாழ ஒத்துவரும். மஞ்சள் மாத்திரைக்கு ஒத்துவராது.

இரத்தத்தில் இருக்கும் மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரத்தைத்தான் அரைவாழ்வுக் காலம் என்கிறோம். கல்லீரலும் சிறுநீரகமும் மணிக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளந்து வெளியேற்றுவதில்லை. பெரும்பாலான மருந்துகளில், இருப்பதில் ஒரு பங்கை வெளியேற்றுகின்றன. நிறைய இருந்தால் நிறையப் போகும், கொஞ்சம் இருந்தால் கொஞ்சம்தான் போகும். அதனால் இரண்டு அரைவாழ்வில் எல்லாம் தீர்ந்துவிடாது, கால் பங்கு மிஞ்சும். மூன்றாவதில் அரைக்கால், நான்காவதில் வீசம், ஐந்தாவது முடியும்போது நூற்றுக்கு மூன்று. இந்த ஐந்தாவது கட்டத்தைத்தான் ‘மருந்து ஏறக்குறையப் போய்விட்டது’ என்று மருத்துவத்தில் எடுத்துக்கொள்கிறோம்.

பாராசிட்டமாலின் அரைவாழ்வு இரண்டிலிருந்து மூன்று மணி நேரம். குளோர்பெனிரமினுக்குப் பெரியவர்களில் சுமார் 20 மணி நேரம். ஆளுக்கு ஆள் இது வெகுவாக மாறும். சிலருக்கு 12 மணி நேரத்தில் பாதியாகிவிடும், சிலருக்கு 40 மணி நேரம்கூட ஆகும். கணக்குக்கு 20 என்றே வைத்துக்கொள்வோம்.

திங்கள் இரவு பத்து மணிக்கு ஒரே ஒரு மாத்திரை. இரத்தத்தில் சேர்ந்ததை 100 என்று வைத்தால், செவ்வாய் காலை ஆறு மணிக்கு மோட்டார் சாவியை எடுக்கும்போது 76 இன்னும் உள்ளே இருக்கிறது. பாதியாகக் குறைவது அன்று மாலை ஆறு மணிக்கு. கால் பங்காவது புதன் பிற்பகல் இரண்டு மணிக்கு. நூற்றுக்கு மூன்றாக வற்றும்போது சனிக்கிழமை அதிகாலை இரண்டு மணி. ஒரு மாத்திரைக்கு நான்கு நாள்.

யாரும் ஒரு மாத்திரையோடு நிறுத்துவதில்லை என்பதுதான் இதில் முக்கியம். காலை ஆறு, பிற்பகல் இரண்டு, இரவு பத்து என்று எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போடுகிறவரைப் பாருங்கள். இரண்டாவது மாத்திரை வயிற்றுக்குள் போகும்போது முதல் மாத்திரையில் முக்கால் பங்கு இன்னும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றே முக்கால். திங்கள் காலை தொடங்கியவருக்கு செவ்வாய் காலை ஆறு மணிக்கு, அடுத்த வேளை போடும் முன்பே, 1.8 மாத்திரை அளவு உடம்பில் இருக்கும். புதன் காலை அது 2.5. புதன் இரவோடு ஒன்பது மாத்திரை முடிந்துவிட, வியாழன் காலை 2.9. முந்தின இரவு போட்டது ஒன்றே ஒன்று, ஆனால் பாலத்தில் ஏறுகிறவரின் உடம்பில் மூன்று மாத்திரை.

இப்படிச் சேர்வதற்கும் ஒரு எல்லை உண்டு. சேரச் சேர வெளியேறுவதும் கூடுவதால், நான்கைந்து நாளில் வரவும் செலவும் சமமாகிவிடும். இந்த மாத்திரைக்கு அந்தக் காலை அளவு மூன்றைச் சற்றே தாண்டி நிற்கும். எட்டுவதற்கு எத்தனை அரைவாழ்வு ஆகிறதோ, நிறுத்தியபின் இறங்குவதற்கும் அத்தனையே ஆகும். புதன் இரவு நிறுத்தியவருக்கு வெள்ளி பிற்பகல் இரண்டு மணிக்கும் ஒரு மாத்திரை அளவு இருக்கும். அதாவது நிறுத்தி 40 மணி நேரம் கழிந்தபின், அப்போதுதான் முதல் மாத்திரையைப் போட்டவர் நிலையில் அவர் இருக்கிறார். சளி போய்விட்டது, மாத்திரையும் நிறுத்தியாயிற்று, இன்னும் ஏன் மந்தமாக இருக்கிறது என்ற குழப்பத்துக்குக் காரணத்தை முதலில் இங்கே தேட வேண்டும்.

அப்படியானால் பெட்டியில் ஏன் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று போட்டிருக்கிறது? இது 1940களின் மருந்து. இரத்தத்தில் அதன் அளவைத் துல்லியமாக அளக்கும் வசதி வருவதற்கு முன்பே, மூக்கொழுகல் எப்போது திரும்புகிறது என்பதைப் பார்த்து வகுத்த இடைவெளி அது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 24 மில்லிகிராம் உச்ச வரம்பு, முதியவர்களுக்கு 12. வரம்புக்குள் போட்டால் நஞ்சாகாது. ஆனால் நஞ்சாகாத அளவும் பிரேக் பிடிக்க வேண்டிய கையைத் தாமதப்படுத்தப் போதும்.

எங்களை அதிகம் கவலைப்படுத்துவது கூட்டு மாத்திரைதான். சளிக்கும் காய்ச்சலுக்கும் சேர்த்து விற்கும் மாத்திரைகள் பலவற்றில் 500 மில்லிகிராம் பாராசிட்டமாலும் 2 மில்லிகிராம் குளோர்பெனிரமினும் ஒன்றாக இருக்கும், வேளைக்கு இரண்டு மாத்திரை. உள்ளே போனதும் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் பிரிகின்றன. ஆறு மணி நேரத்தில் பாராசிட்டமால் கால் பங்குக்கோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடும், காய்ச்சல் திரும்பும், கை மறுபடி அதே பெட்டிக்குப் போகும். தேவைப்பட்டது பாராசிட்டமால் மட்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் அதோடு, முன்பு போட்டதே இன்னும் கரையாத தூக்க மருந்தும் ஏறுகிறது.

வீட்டில் கிளினிக் பையும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். மஞ்சள் மாத்திரை நாளுக்கு மூன்று என்றால் 12 மில்லிகிராம். கடையில் வாங்கிய கூட்டு மாத்திரை வேளைக்கு இரண்டாக நான்கு வேளை என்றால் 16. மொத்தம் 28, வரம்பைத் தாண்டியாயிற்று. கிளினிக் பையில் 500 மில்லிகிராம் தனிப் பாராசிட்டமாலும் இருந்து, அதையும் வேளைக்கு இரண்டாக நான்கு முறை போட்டால், கூட்டு மாத்திரையில் உள்ளதோடு சேர்த்து பாராசிட்டமால் கணக்கு 8 கிராம். வரம்பு 4 கிராம். அந்த அளவில் கல்லீரல் கெடலாம், முதல் நாளில் உடம்பில் ஒன்றும் தெரியாமலேகூடக் கெடலாம். இப்படி ஆகிவிட்டது என்று தெரிந்தால் வாந்திக்காகக் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், இரண்டு பெட்டிகளையும் கையில் கொண்டுபோங்கள். சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது. இதைத் தவிர்க்க, கடையில் வாங்கும்போதே கிளினிக் பையைக் கவுண்டரில் வைத்துவிடுங்கள். பெட்டியின் பின்பக்கத்தில் ‘குளோர்’ என்று தொடங்கும் பெயர் இரண்டிலும் இருக்கிறதா என்று மருந்தாளர் பார்த்துச் சொல்வார்.

உடம்பில் எவ்வளவு மருந்து இருக்கிறதோ அவ்வளவு தூக்கம் என்று நேர்க்கணக்கும் போட முடியாது. சில நாள் தொடர்ந்து போட்டால் மூளை ஓரளவு பழகிக்கொள்ளும். கண் சொக்குவது குறையும், ஆனால் கவனமும் கைவேகமும் அதே அளவுக்குத் திரும்பிவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘எனக்குத் தூக்கம் வரலையே’ என்பது வண்டி ஓட்டப் போதுமான சோதனை இல்லை. எதிர்த்திசையிலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அரைவாழ்வு நீண்டதாலேயே ஒரு மருந்து தூங்க வைக்காது. ஒவ்வாமைக்குக் கொடுக்கும் லோராட்டடின் என்ற மருந்து உடம்பில் மாறி உண்டாகும் பொருளுக்கு ஒரு நாளுக்கும் மேல் அரைவாழ்வு, ஆனாலும் அது மூளைக்குள் மிகக் குறைவாகவே நுழைகிறது. பகலில் ஓட்ட வேண்டியவர்களுக்கு அந்த வகையைப் பரிந்துரைப்பது இதனால்தான். ஒவ்வாமைத் தும்மலுக்கு அது நன்றாகக் கேட்கும். சாதாரணச் சளிக்கு மஞ்சள் மாத்திரை அளவுக்கு மூக்கை உலர வைக்காது.

கெட்டிக் கோப்பியோ, குளிர்ந்த நீரில் குளிப்பதோ, இரண்டு லிட்டர் இளநீரோ இந்த 20 மணி நேரத்தைக் குறைக்காது. கோப்பி கொஞ்ச நேரம் விழிப்பைத் தரும், மருந்தை வெளியேற்றாது. இதன் பெரும்பகுதியை மாற்றுவது கல்லீரல், அதன் வேகம் குடிக்கும் தண்ணீரைப் பொறுத்ததில்லை. அந்த வேகத்தைக் குறைக்கும் மருந்துகள் உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃபுளுவோக்செடினும் பரோக்செடினும் அப்படிப்பட்டவை. அவற்றைச் சாப்பிடுகிறவருக்கு மேலே சொன்ன எண்கள் எல்லாம் கூடும்.

ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு நடைமுறையில் உதவுவது, மஞ்சள் மாத்திரையை இரவில் மட்டும் ஒன்று என்று மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்டுக் குறைத்துக்கொள்வது. மூன்றாம் இரவுக்கு மறுநாள் காலை மிஞ்சுவது 1.2 மாத்திரை, மூன்று வேளை போட்டவருக்கு இருந்த 2.9-இல் பாதிக்கும் கீழே. பூஜ்யம் இல்லைதான். முதல் இரவு மருந்தை மறுநாள் விடுமுறையாக இருக்கும்போது போட்டுப் பார்த்தால், தனக்கு மந்தம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று ஒரு யோசனை கிடைக்கும். பகல் காய்ச்சலுக்குக் கலப்பில்லாத பாராசிட்டமாலை வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்கு மட்டும் இதையும் யோசித்தே கொடுக்க வேண்டும். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களிடம், குறிப்பாக டயாலிசிஸ் செய்பவர்களிடம், இது நாள்கணக்கில் தங்கும். புராஸ்டேட் வீங்கிய தாத்தாவுக்கு இரண்டு மூன்று நாள் தொடர்ந்து கொடுத்தபின் சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போகலாம், அடைத்தும்விடலாம். அடிவயிறு கல்லாக உப்பி, போக வேண்டும் போல் இருந்தும் போக முடியவில்லை என்றால் மருந்து இறங்கட்டும் என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள், குழாய் போட்டு இறக்க வேண்டியிருக்கும். நேற்றுவரை தெளிவாகப் பேசிய பாட்டி திடீரென்று நேரம், இடம் குழம்பிப் பேசினாலும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள், அந்த மூன்று நாளில் கொடுத்த சளி மாத்திரைகளின் பெயரையும் நேரத்தையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைசி மாத்திரை நேற்று முன்தினம் கொடுத்தது என்றாலும் சொல்லுங்கள்.