செல்போனில் அஸ்தமனம்: சூரியனுக்கு முன்னால் நிலத்தைப் பாருங்கள்

செல்போன் போட்டோ வகுப்பு எடுக்கிற எனக்கு அதிகம் காட்டப்படுவது அஸ்தமனப் படங்கள்தான். கூடவே வருகிற புகாரும் ஒன்றேதான்: "நேர்ல அவ்ளோ பெருசா இருந்துச்சு சார், போட்டோல பொட்டு மாதிரி ஆயிடுச்சு."

போன் மேல் தப்பில்லை. வானத்தில் சூரியனின் அளவு அரை டிகிரிதான். போனின் 1x லென்ஸ் இடமிருந்து வலம் சுமார் 70 டிகிரி பார்க்கிறது. 4000 பிக்சல் அகலமுள்ள படத்தில் சூரியனுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 25 பிக்சல். அடிவானத்தை நெருங்கும்போது அது பெரிதாகத் தெரிவது நம் கண்ணின் மயக்கம், லென்ஸுக்கு அந்த மயக்கம் கிடையாது. விரலால் இழுத்து ஜூம் செய்தால் பல போன்களில் அந்த 25 பிக்சலையே ஊதிக் காட்டுவதுதான் நடக்கிறது, ஓரமெல்லாம் பிசிறு தட்டும். ஆக 1x-இல் எடுக்கும் படத்தைத் தாங்க வேண்டியது சூரியன் இல்லை, உங்கள் காலடியிலிருந்து அடிவானம் வரைக்கும் கிடக்கிற நிலம்.

அடிவானக் கோட்டை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் நிலம்தான் பதில் சொல்லும். படத்தை மூன்றாகப் பிரிக்கும் கோடுகளில் ஒன்றில் அடிவானத்தை வை என்கிற மூன்றில் ஒரு பங்கு விதி எல்லோருக்கும் தெரியும், ஆனால் மேல் கோடா கீழ் கோடா என்று அது சொல்லாது. நான் செய்வது இது: சூரியனுக்குக் கொஞ்சம் தள்ளி வெளிச்சமான வானத்தைத் திரையில் தொட்டு, நிறம் தெளியும்வரை வெளிச்சத்தைக் கீழே இழுப்பேன். அப்புறம் நிலத்தைப் பார்ப்பேன். வெறும் கறுப்பாகிவிட்டதா? அப்படியானால் அதற்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இடம் கொடுக்க வேண்டாம், கறுப்புப் பட்டையை மூன்றில் ஒரு பங்குக்கு வைத்தால் அது படத்தைக் கீழே இழுக்கிற சுமைதான். நிலத்தில் தண்ணீர் நின்று வானம் அதில் தெரிகிறதா? அப்போது மூன்றில் இரண்டு பங்குகூடக் கொடுக்கலாம். நடுவில் வெட்டுவது பெரும்பாலும் தப்பு, ஆனால் அசையாத நீரில் மேலும் கீழும் ஒரே காட்சி விழும்போது நடுக்கோடுதான் சரி.

கோடு நேராக இருக்கிறதா என்பதைக் கண்ணை நம்பி விடாதீர்கள். ஒரு டிகிரி சாய்ந்தாலே 4000 பிக்சல் அகலத்தில் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 70 பிக்சல் வித்தியாசம் வரும், கடல் படத்தில் அது பளிச்சென்று தெரியும். ஐபோனில் Settings, Camera போய் Grid, Level இரண்டையும் போட்டுக்கொள்ளுங்கள், ஆண்ட்ராய்டில் கேமரா செட்டிங்ஸிலேயே கட்டக்கோடு இருக்கும். கரையோரத்தை வைத்து மட்டம் பார்க்காதீர்கள், தூரம் போகப்போகக் கரை சாய்வாகத் தெரிவது இயல்பு.

இனி நான் வகுப்பில் அதிக நேரம் செலவிடும் விஷயம்: போனை எவ்வளவு உயரத்தில் பிடிக்கிறீர்கள்? எல்லோரும் கண்ணுக்கு நேரே பிடிக்கிறார்கள், அதனால் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி வருகின்றன. சமதளத்தில், லென்ஸ் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில்தான் அடிவானக் கோடு எதிரிலுள்ள எல்லாவற்றையும் வெட்டும். கண் உயரத்தில் எடுத்தால் எதிரே நிற்பவரின் கழுத்து, முகம் பக்கமாகக் கோடு போகும். இடுப்பு உயரத்துக்கு இறக்கினால் இடுப்பில் வெட்டும், மேல் உடம்பு முழுக்க வானத்தின் மேல் நிழலுருவமாக எழும்பி நிற்கும். போனைச் சாய்த்து அடிவானத்தை மேலே, கீழே தள்ளலாம், ஆனால் எது வானத்தில் துருத்தி நிற்கும் என்பதை உயரம் மட்டும்தான் மாற்றும்.

தண்ணீருக்கும் இது பொருந்தும். நின்றுகொண்டு பார்த்தால் காலடித் தண்ணீரில் சேறுதான் தெரியும். போனைத் தாழ்த்தினால் பார்வை நீர்ப்பரப்பை ஒட்டிப் போகிறது, அப்போது நீர் வானத்தை அதிகமாகப் பிரதிபலிக்கிறது.

அப்படியானால் தரையிலேயே வைத்து எடுத்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் பார்ப்பவரின் கண்ணைப் படத்துக்குள் கூட்டிப்போகிற வழிநடத்தும் கோடு குறுக்கே வருகிறது. ஒரு வரப்புக்குப் பக்கவாட்டில் இரண்டடி தள்ளி நின்று, போனை மூன்றடி உயரத்தில் பிடித்தால் வரப்பு படத்துக்குள் நல்ல சரிவோடு ஏறிப் போகும். அதே இடத்தில் அரையடி உயரத்துக்கு இறக்கினால் அந்தச் சரிவு படுத்துவிடும், கோடு அடிவானத்தோடு ஒட்டிக்கொண்டு ஓரத்தில் வெளியேறிவிடும், பார்ப்பவரின் கண்ணும் அதோடு வெளியே போய்விடும். போன் தாழத் தாழ, கோட்டுக்கு நெருங்கி நிற்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு மாணவி அனுப்பிய படத்தை எடுத்துக்கொள்வோம். செப்டம்பர் கடைசி, சம்பா நடவுக்குப் பரம்படித்துத் தண்ணீர் கட்டிய வயல், தலையில் நாற்றுக்கட்டோடு வரப்பில் ஒருவர் வருகிறார், தூரத்தில் பனைமரங்கள். காட்சிக்குக் குறையே இல்லை. ஆனால் அடிவானம் நடுவில், அது அவர் கழுத்தை வெட்டுகிறது, வரப்பு குறுக்காக ஓடி வலது ஓரத்தில் வெளியே போகிறது, முன்னால் கிடக்கிற தண்ணீர் பழுப்பாக இருக்கிறது.

மறுநாள் இப்படி எடுக்கச் சொன்னேன். மேற்கே ஓடுகிற வரப்பைத் தேர்ந்தெடுங்கள், அதற்கு இரண்டடி பக்கவாட்டில் நில்லுங்கள், போனை இடுப்புக்கு இறக்குங்கள். வரப்பு கீழ் மூலையிலிருந்து அப்படியே கிளம்பாமல், கீழ் ஓரத்தில் மூலைக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளித் தொடங்கட்டும். நாற்று சுமப்பவரிடம் கேட்டுக்கொண்டு, அவர் சுமார் இருபதடி தூரத்தில் வரும்போது எடுங்கள். அந்தத் தூரத்தில் 1x லென்ஸில் அவர் படத்தின் உயரத்தில் ஏறக்குறைய கால்வாசி இருப்பார், இன்னும் நெருங்கினால் வரப்பை மறைத்துவிடுவார்.

அடிவானத்தை மேலே ஏற்ற அந்த மாணவி 0.5x லென்ஸைக் கீழ்நோக்கிச் சாய்த்தார், ஓரத்துப் பனைகள் வெளிப்பக்கமாகச் சாய்ந்துவிட்டன. அகன்ற லென்ஸைச் சாய்த்தால் இது தவிர்க்க முடியாதது. போனை மேலேயோ கீழேயோ சாய்க்காமல் நிமிர்த்திப் பிடித்து எடுத்து, மேலே மிஞ்சுகிற வானத்தைப் பிறகு வெட்டிவிடுங்கள் என்றேன், மரங்கள் நிமிர்ந்தன. கடைசிப் படத்தில் கண் வரப்பைப் பிடித்துக்கொண்டு போய் அந்த மனிதரிடம் நின்று, அப்புறம் சூரியனுக்குப் போகிறது. 0.5x-இல் சூரியன் 25 பிக்சலைவிடவும் சிறியதுதான், ஆனாலும் இந்தமுறை சிறிதாக இருக்கிறதே என்று மாணவி சொல்லவில்லை.

சூரியன் இறங்கியதும் போனைப் பைக்குள் போட்டுவிடாதீர்கள். அடுத்த பத்துப் பதினைந்து நிமிடங்களில் வானத்துக்கும் நிலத்துக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் குறையும், கறுப்பாகக் கிடந்த முன்புறத்தில் புல்லும் சேறும் தெரிய ஆரம்பிக்கும், அடிவானத்தை அப்போது மேலே ஏற்றலாம்.

இன்னொன்று, செப்டம்பர் கடைசியில் நேர் மேற்கில் இறங்கும் சூரியன் டிசம்பர் கடைசியில் நம் ஊரில் சுமார் 24 டிகிரி தெற்கே தள்ளி இறங்கும். 1x படத்தின் அகலத்தில் அது மூன்றில் ஒரு பங்கு. அதே வரப்பில் போய் நின்றால் கோடு ஒரு பக்கமும் சூரியன் ஒரு பக்கமுமாக நிற்கும், அந்த மாதத்துக்கு மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே சாய்ந்து ஓடுகிற ஒரு வாய்க்காலைப் பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.