அட்டை தொலைந்துவிட்டது என்று வந்த ஆயா

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில், சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், வெருலம் பக்கத்து முதியவர்கள் காவல் நிலையத்தின் முன்கூடத்தை இன்னமும் சார்ஜ் ஆபீஸ் என்றுதான் சொல்கிறார்கள். அலுவலகப் பெயர் சமூக சேவை மையம். அடையாள அட்டை நகலுக்கு முத்திரை வாங்க வந்தவர், கைபேசியைப் பறிகொடுத்தவர், வீட்டில் அடிபட்டவர் எல்லோருக்கும் அங்கே ஒரே வரிசை, ஒரே கவுண்டர். அடிபட்டவர் வாய் திறந்தால் பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும். அவர்களில் ஒருவர் அதே தெருக்காரராகவும் இருக்கக்கூடும்.

அதனால் பயந்து வருபவர் பெரும்பாலும் உள்ளதை முதலில் சொல்வதில்லை. ஏதாவது ஒரு சிறு வேலையைச் சாக்காக வைத்துக்கொண்டு வருவார். அந்தச் சாக்கை நாம் எப்படி வாங்கிக்கொள்கிறோம் என்பதில்தான் மற்றதெல்லாம் இருக்கிறது.

கவுண்டரில் நான் பணியில் இருந்த ஒரு காலை, எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆயா வந்தார். முதியோர் உதவித்தொகை அட்டை தொலைந்துவிட்டது, அபிடவிட் வேண்டும் என்றார். பக்கத்தில் பேரன். நான் கேட்டதற்கெல்லாம் அவனே பதில் சொன்னான். மூன்று மாதத்துக்குள் இதே காரணத்துக்காக அவர் வருவது இரண்டாம் முறை என்பது எனக்கு நினைவிருந்தது. முதல் முறை முத்திரை குத்தி அனுப்பியவளும் நான்தான். அது இன்றும் மனத்தை அறுக்கிறது.

இம்முறை எழுந்து கவுண்டரைச் சுற்றி அவர் பக்கம் போனேன். “வணக்கம் ஆயா, வாங்க” என்று சொல்லி என் பெயரைச் சொன்னேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். நம் வழக்கப்படி அடுத்து வருவது “எந்த வீடு, யார் பிள்ளை?” என்ற விசாரிப்பு. கல்யாண வீட்டில் அது அன்பு. இந்தக் கவுண்டரில் அது வாயை அடைத்துவிடும். தமிழில் பேசும் காவலர் என்றதும் பாதிப் பயம் போகிறது. இவள் நம் கோயிலுக்கு வருபவள், செய்தி வீடு போய்ச் சேரும் என்ற புதுப் பயம் அந்த இடத்தில் வந்து உட்காருகிறது. “என்ன பிரச்சினை?” என்றும் கேட்கவில்லை. பேரன் பக்கத்தில் நிற்கும்போது அதற்கு “ஒன்றுமில்லை” என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது.

“சத்தியம் செய்து கையெழுத்துப் போடுபவரிடம் நான் தனியாகப் பேச வேண்டும்” என்று சொல்லி, அவரை உள் அறைக்கு அழைத்துப் போனேன். பேரனை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னேன். சந்தேகப்படுகிறேன் என்று அவனுக்குத் தோன்றும்படி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்று மாலை ஆயா திரும்பிப் போகப்போவது அவன் இருக்கும் வீட்டுக்குத்தான்.

அபிடவிட் வாங்கும்போது மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்பது விதி. எழுதியிருப்பது தெரியுமா, புரிகிறதா? சத்தியம் செய்ய ஆட்சேபம் உண்டா? அந்தச் சத்தியம் உங்கள் மனச்சாட்சியைக் கட்டுப்படுத்துமா? நெரிசலில் பலர் இவற்றை ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுகிறார்கள். நான் எதிரில் உட்கார்ந்து, முதல் கேள்வியை மட்டும் தமிழில் கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஆயா பதில் சொல்லவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். “ஆமாம் அல்லது இல்லை என்றால் போதும் ஆயா. இன்று வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறதா?” என்றேன். தலையசைத்தார். அட்டையும் ரகசிய எண்ணும் பேரனிடம்தான் இருந்தன. பணத்தைத் தராமல் போனால் கை நீண்டது.

இந்த இடத்தில் “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுத்துவிடத் தோன்றும். கொடுக்கக் கூடாது. முதியவருக்கு நடக்கும் கொடுமை தெரியவந்தால் அதைத் தெரிவிக்கும் கடமை சட்டத்தில் இருக்கிறது. வாக்குமூலம் விசாரணை அதிகாரிக்கும் நீதிமன்றத்துக்கும் போகும். “தெருவிலும் கோயிலிலும் இதைப் பேசமாட்டேன். யார் யாருக்குப் போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்” என்றேன். பொய்யான ஆறுதலைவிட இது அவரைத் தெம்பாக்கியது. “குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்” என்று திருப்பி அனுப்ப எங்களுக்கு உரிமை இல்லை. 1998ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பணத்தைப் பறிப்பதையும் வன்முறை என்றே சொல்கிறது. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் முதியோர் மீதான கொடுமையைத் தனியாகவே பெயர் சொல்லிச் சேர்த்தது. கிரிமினல் வழக்குப் போட மனம் வராதவரும் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். பேரனைச் சிறைக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்ற நினைப்பே பல ஆயாக்களின் வாயைக் கட்டிப்போடுகிறது. அதனால் இதை வாக்குமூலம் எழுதுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஆங்கிலத்தில் எழுதியதை வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டினேன். கடைசி வரியில் ஆயா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“அட்டை தொலையவில்லை என்றும் எழுதும்மா.”