150 பூக்கள், 5 இலைகள்: ஒரு முடிவு மரத்தைப் படித்தல்

கேள்விமேல் கேள்வி கேட்டுப் பொருள்களை இனம்பிரிப்பது முடிவு மரம். வகைப்படுத்தும் நிரல் ஒன்று அதைத் திரையில் வரைந்து காட்டும்போது அது தலைகீழாக நிற்கும். வேர் உச்சியில், இலைகள் அடியில். ஒவ்வொரு கணுவும் ஒரு பெட்டி, பெட்டிக்குள் நாலைந்து வரிகள். முதன்முறை பார்ப்பவர்கள் பெரும்பாலும் அடியில் உள்ள இலைக்கு ஓடி, அதில் எழுதியிருக்கும் வகைப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஒரு பெட்டி சொல்லும் சேதிகளிலேயே மிகக் குறைவானதைச் சொல்வது அந்தப் பெயர்தான் என்பது என் கருத்து. ஒரே ஒரு மரத்தை எடுத்து, வேரிலிருந்து இலை வரை நிதானமாக இறங்கினால் இது விளங்கும்.

நான் எடுத்துக்கொள்ளும் தரவு, தாவரவியலாளர் எட்கர் ஆண்டர்சன் அளந்து, ரொனால்ட் ஃபிஷர் 1936-இல் தன் ஆய்வுக் கட்டுரையில் வெளியிட்ட ஐரிஸ் பூக்களின் பட்டியல். செட்டோசா, வெர்சிகலர், வர்ஜினிகா என்று மூன்று இனங்கள், இனத்துக்கு 50 வீதம் 150 பூக்கள். ஒவ்வொரு பூவுக்கும் புல்லி இதழின் நீளமும் அகலமும், அல்லி இதழின் நீளமும் அகலமும் சென்டிமீட்டரில், பத்தில் ஒரு பங்கு வரை குறிக்கப்பட்டுள்ளன. அல்லி இதழின் இரண்டு அளவுகளை மட்டும் கொடுத்து, மூன்று படிக்கு மேல் இறங்காதே என்று கட்டளையிட்டு, பைதான் மொழியின் scikit-learn நிரல் நூலகத்தில் ஒரு மரத்தை வளர்த்தால் 5 இலைகள் கொண்ட மரம் கிடைக்கும். அதன் வேர் இப்படி இருக்கலாம்:

```
petal length (cm) <= 2.45
gini = 0.667
samples = 150
value = [50, 50, 50]
class = setosa
```

முதல் வரி ஒரு கேள்வி: அல்லி இதழின் நீளம் 2.45 செ.மீ. அல்லது அதற்குக் குறைவா? ஆம் என்றால் இடப்பக்கம், இல்லை என்றால் வலப்பக்கம். scikit-learn எப்போதும் 'ஆம்' கிளையை இடப்பக்கமே வரையும். உச்சியில் உள்ள இரண்டு அம்புகளில் மட்டும் True, False என்று எழுதியிருக்கலாம், அதுவும் இல்லாமல் போகலாம். கீழே இறங்கும்போது இந்த விதியை நாம்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். கேள்வியைச் சரியாகப் படித்துவிட்டு, பக்கத்தை மாற்றிப்போட்டுத் தவறான இலையில் போய் நிற்பவர்கள் ஏராளம்.

2.45 என்ற எண் எங்கிருந்து வந்தது? பட்டியலில் எந்தப் பூவுக்கும் இந்த நீளம் இல்லை. செட்டோசாவின் மிக நீளமான அல்லி இதழ் 1.9 செ.மீ. மற்ற இரண்டு இனங்களிலும் மிகக் குட்டையானது 3.0 செ.மீ. இரண்டுக்கும் நடுப்புள்ளி 2.45. இடையில் ஒரு வெற்றிடம், அதன் நட்டநடுவில் ஒரு கோடு. 2.4 என்று ஒரு பூ வந்தால் அது செட்டோசாதான் என்று மரம் அடித்துச் சொல்லும். ஆனால் அப்படிப்பட்ட பூவை அது ஒருபோதும் கண்டதில்லை.

samples என்பது இந்தக் கணுவை வந்தடைந்த பயிற்சிப் பூக்களின் எண்ணிக்கை. value அவை இனவாரியாக எப்படிப் பிரிந்திருக்கின்றன என்பது. gini கலப்படத்தின் அளவு. பெட்டிக்குள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பூவை எடுத்துப் பார்த்துத் திரும்பப் போட்டுவிட்டு, இன்னொன்றை எடுத்தால் இரண்டும் வெவ்வேறு இனமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கேளுங்கள். வரும் விடைதான் கினி எண். மூன்று இனங்கள் சமமாக இருந்தால் 0.667, எல்லாம் ஒரே இனமானால் 0.

கடைசி வரி class = setosa. 50, 50, 50 என்று சமமாக இருக்கும் பெட்டிக்கு ஏன் செட்டோசா என்று பெயர்? சமநிலை வந்தால் பட்டியலில் முதலில் நிற்பதன் பெயரை நிரல் எழுதிவிடுகிறது, அவ்வளவுதான். இடைக் கணுக்களில் உள்ள class வரி முடிவல்ல. 'இங்கேயே நின்றுவிட்டால் எதைச் சொல்வோம்' என்பதற்கான குறிப்பு மட்டுமே. பூ இன்னும் பயணத்தில் இருக்கிறது.

இனி ஒரு புதிய பூவை இறக்கிப் பார்ப்போம். அல்லி இதழ் நீளம் 5.0, அகலம் 1.6 செ.மீ. முதல் கேள்விக்கு விடை 'இல்லை'. ஆகவே வலப்பக்கம் போகிறோம். இடப்பக்கம் [50, 0, 0] என்று செட்டோசா முழுவதும் பிரிந்துபோய், கினி 0 ஆகி, அங்கேயே இலையாக முடிந்துவிட்டது. வலப்பக்கப் பெட்டியில் 100 பூக்கள், [0, 50, 50]. அடுத்த கேள்வி: petal width (cm) <= 1.75. நம் பூவின் அகலம் 1.6 என்பதால் 'ஆம்', இடப்பக்கம்:

```
petal length (cm) <= 4.95
gini = 0.168
samples = 54
value = [0, 49, 5]
class = versicolor
```

கினியை இங்கே நாமே சரிபார்க்கலாம். 54-இல் 49 வெர்சிகலர், 5 வர்ஜினிகா.

```
1 - (49/54)^2 - (5/54)^2 = 0.168
```

இந்தப் பெட்டியின் பெயர் வெர்சிகலர், நிறமும் வெர்சிகலருக்கு உரியதாகவே தீட்டப்பட்டிருக்கும். நிறம் பெரும்பான்மை இனத்தைக் காட்டும், அதன் அடர்த்தி எவ்வளவு தூய்மை என்பதைக் காட்டும். ஆனால் நம் பூ இங்கே நிற்கவில்லை. நீளம் 4.95-க்குள் இருக்கிறதா? 5.0, ஆகவே இல்லை. வலப்பக்கம் இறங்கினால் இலை: samples = 6, value = [0, 2, 4], class = virginica. மேலே வெர்சிகலர் என்றிருந்தது, ஒரு படி இறங்கியதும் வர்ஜினிகா ஆகிவிட்டது.

இந்த இலையில் நான் சற்று நேரம் நிற்க விரும்புகிறேன். இந்தப் பூ வர்ஜினிகாவாக இருக்க நிகழ்தகவு என்ன என்று நிரலைக் கேட்டால் 0.66666667 என்று எட்டு தசம இடங்களோடு விடை வரும். அது வேறொன்றுமில்லை, ஆறில் நான்கு. அந்த நான்கு வர்ஜினிகா பூக்களில் ஒன்று பட்டியலில் இல்லாதிருந்தால் 0.6, இரண்டு இல்லாதிருந்தால் சரிபாதி. அதே பெட்டியிலிருந்து இடப்பக்கம் பிரிந்த இலை [0, 47, 1]. அதன் 0.979-க்குப் பின்னால் 48 பூக்கள் நிற்கின்றன. இரண்டும் நிகழ்தகவு என்ற ஒரே பெயரில் வருகின்றன, ஆனால் தாங்கி நிற்கும் அடித்தளம் ஒன்றல்ல. ஆகவே இலையைப் படிக்கும்போது class வரிக்கு முன்னால் samples வரியைப் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் பூவின் நீளத்தை 5.0-க்குப் பதில் 4.9 என்று அளந்திருந்தால்? வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர். அப்போது பூ இடப்பக்கம் போய் 48 பூக்கள் உள்ள இலையில் விழும். விடை வெர்சிகலர், அதுவும் 0.979 உறுதியோடு. அளவுகோலே மில்லிமீட்டர் கணக்கில் இருக்கையில், அதன் கடைசிக் கோடு ஒன்று தள்ளிப்போனால் விடை தலைகீழாகிறது. வந்த வழியில் ஒவ்வொரு கேள்வியிலும் நம் அளவு எல்லைக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது என்று குறித்துக்கொண்டே வந்தால் இது கண்ணில் படும். முதல் கேள்வியில் 2.55 செ.மீ. தள்ளி, இரண்டாவதில் 0.15, மூன்றாவதில் 0.05. கடைசிக் கேள்வியில் பூ எல்லையை உரசிக்கொண்டு நிற்கிறது. இந்தத் தூரத்தை எந்தப் பெட்டியும் எழுதிக் காட்டுவதில்லை.

வந்த வழியை ஒரே வாக்கியமாகவும் சுருக்கலாம். 48 பூக்கள் உள்ள இலையை எடுத்துக்கொள்வோம்: நீளம் 2.45-க்கு மேல், 4.95 வரை, அகலம் 1.75-க்குள். நீளம் இருமுறை கேட்கப்பட்டிருந்தாலும் இரண்டும் சேர்ந்து ஒரே இடைவெளியாகிவிட்டன. நீளத்தை ஓர் அச்சிலும் அகலத்தை மற்றோர் அச்சிலும் வைத்துத் தாளில் வரைந்தால் ஒவ்வோர் இலையும் ஒரு செவ்வகம். மரம் சாய்கோடு போடாது, அச்சுகளுக்கு இணையாக மட்டுமே வெட்டும்.

மரத்தின் வலது ஓரத்தில் ஒரு விநோதம் உண்டு. அகலம் 1.75-க்கு மேல் உள்ள 46 பூக்கள், [0, 1, 45], மீண்டும் petal length (cm) <= 4.85 என்று பிரிக்கப்படுகின்றன. இடப்பக்க இலை [0, 1, 2], வலப்பக்க இலை [0, 0, 43]. இரண்டின் பெயரும் வர்ஜினிகாதான்! விடை மாறாதபோது எதற்கு இந்தக் கேள்வி? மரம் வளரும்போது விடை மாறுகிறதா என்று பார்ப்பதில்லை, கலப்படம் குறைகிறதா என்று மட்டுமே பார்க்கிறது. இங்கே 43 பூக்கள் முழுத் தூய்மையாகப் பிரிந்துவிட்டதால் சராசரிக் கலப்படம் 0.043-இலிருந்து 0.029-க்கு இறங்குகிறது. அது போதும் மரத்துக்கு.

அந்த [0, 1, 2] இலையில் இருக்கும் மூன்று பூக்களையும் பட்டியலில் தேடிப் பார்த்தேன். மூன்றுக்கும் நீளம் 4.8, அகலம் 1.8. அச்சு அசல் ஒரே அளவு. ஒன்று வெர்சிகலர், மற்ற இரண்டு வர்ஜினிகா. இந்த இரண்டு அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை படி ஆழமாக மரத்தை வளர்த்தாலும் இவற்றைப் பிரிக்க முடியாது. புல்லி இதழின் அளவையும் கொடுத்தால்தான் வழி பிறக்கும். ஓர் இலை ஏன் தூய்மையடையவில்லை என்று கேட்கும்போது காரணம் இரண்டாக இருக்கலாம். ஆழத்துக்கு நாம் போட்ட தடை ஒன்று, கொடுத்த அளவுகளிலேயே பிரிக்கும் திறன் இல்லாதது மற்றொன்று. படத்தைப் பார்த்து மட்டும் இதைச் சொல்ல முடியாது. அந்த இலைக்குள் விழுந்த பூக்களின் அளவுகளை எடுத்துப் பார்க்க வேண்டும்.

இலைகளில் சிறுபான்மையாக நிற்கும் பூக்களைக் கூட்டினால் 1 + 2 + 1, ஆக மொத்தம் 4. பயிற்சிக்குக் கொடுத்த 150-இல் மரம் தவறவிட்டவை இவை. புதிய பூக்களில் எத்தனை தவறும் என்பது இந்தப் படத்தில் எங்கும் இல்லை, அதற்குத் தனியாக ஒதுக்கிவைத்த பூக்கள் வேண்டும்.

இதே தரவில் மரத்தை மீண்டும் வளர்க்கும்போது சில சமயம் வேரிலேயே petal width (cm) <= 0.8 என்று வரும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். செட்டோசாவின் அகலம் 0.6-ஐத் தாண்டுவதில்லை, மற்றவை 1.0-க்குக் கீழே வருவதில்லை. நீளத்தால் வெட்டினாலும் அகலத்தால் வெட்டினாலும் அதே 50 பூக்கள்தான் பிரியும். இரண்டுக்கும் மதிப்பெண் சமம் என்பதால், எதை எடுப்பது என்பது நிரலின் தற்செயல் தேர்வுகளைத் தீர்மானிக்கும் random_state எண்ணைப் பொறுத்தது. வேரில் இடம்பிடிக்காத அளவு பயனற்றது என்று இதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது.

கடைசியாக, அல்லி இதழ் 20 செ.மீ. நீளமும் 9 செ.மீ. அகலமும் கொண்ட ஏதோ ஒரு பூவை உச்சியில் போடுங்கள். மூன்று கேள்விக்கும் விடை 'இல்லை'. வலது கோடியில் 43 பூக்கள் இருக்கும் இலையில் போய் இறங்கும். gini = 0.0, class = virginica, நிகழ்தகவு 1.0.